புரோக்கரிடம் எதுவும் எழுதவில்லை. அவர் காட்டிய பார்ட்டி நாலு மாசம் கழித்து நேராக வந்து வாங்கினார். கமிஷன் உண்டா?

கயல்_ம
எங்கள் பழைய வீட்டை விற்றுப் பத்திரப் பதிவும் முடிந்துவிட்டது. இப்போது ஒரு புரோக்கர் முழுக் கமிஷன் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன் என்கிறார்.

நடந்தது இதுதான். வீடு விற்பனைக்கு என்று தெரிந்து அவரே போன் செய்தார். "ரெண்டு பர்சென்ட் மேடம்" என்றார், நான் "சரி, ஆளைக் கொண்டு வாங்க" என்றேன். பேசியது அவ்வளவுதான். எப்போது தர வேண்டும், விற்காவிட்டால் என்ன, எதுவும் பேசவில்லை. எழுத்தும் இல்லை. ஒரு குடும்பத்தை அழைத்து வந்து வீட்டைக் காட்டினார். அவர்கள் குறைத்துக் கேட்டார்கள், நான் ஒப்பவில்லை, பேச்சு நின்றது. நாலு மாசம் கழித்து என் கணவரின் அலுவலக நண்பர் வழியாக அதே குடும்பம் மறுபடி வந்தது. நாங்களும் கொஞ்சம் இறங்கி வந்தோம், முடிந்துவிட்டது. பத்திரம் அந்த வீட்டு அம்மாவின் பெயரில்.

எழுத்தே இல்லாதபோது அவர் கேட்க முடியுமா? கேட்க முடியும் என்றால், எந்தக் கட்டத்தில் அவருக்கு உரிமை வந்தது?

பாலு_கணக்கு
பேப்பர் இல்லைன்னா கேஸே இல்லை மேடம். நோட்டீஸ் வந்தா கிழிச்சுப் போடுங்க. அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட எல்லா ஒப்பந்தமும் எழுத்தில், பதிவில் இருக்கணும். வாயால பேசினதை வெச்சு கோர்ட்ல நிக்க முடியாது.

மணி_ப்ராப்பர்ட்டி
நான் இந்தத் தொழில்ல இருக்கேன், அதனால சொல்றேன். பார்ட்டியைக் காட்டிட்டா கமிஷன் எங்களுது. அப்புறம் நீங்க நாலு மாசம் கழிச்சு முடிச்சாலும் சரி, வருஷம் கழிச்சு முடிச்சாலும் சரி. புரோக்கரைக் கழட்டிவிட்டு நேரா பேசி முடிக்கறதும், பத்திரத்தைப் பொண்டாட்டி பேர்ல போடறதும் நாங்க தினமும் பாக்கற வேலை. கோவிச்சுக்காதீங்க மேடம், உங்களைச் சொல்லலை.

கயல்_ம
கோபம் இல்லை சார். ஆனால் நாலு மாசம் அந்தப் புரோக்கர் ஒரு போன்கூடப் பண்ணாமல் இருந்துவிட்டு, பத்திரம் முடிந்ததும் வந்து நின்றால் என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற_வழக்கறிஞர்
பாலு சொன்னதில் பாதி சரி. வீட்டை விற்பது வேறு, வீட்டுக்கு ஆள் தேடித் தருவதாக ஒருவர் ஒப்புக்கொள்வது வேறு. முதலாவதற்குத்தான் பத்திரமும் பதிவும். இரண்டாவது ஒரு சேவை ஒப்பந்தம், அதில் நிலம் கைமாறுவதில்லை. இந்தியாவில் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, வேறு சட்டம் எழுத்து வேண்டும் என்று சொல்லாதவரை வாய்மொழி ஒப்பந்தம் செல்லும். தரகு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆகவே "பேப்பர் இல்லை" என்பது உங்களைக் காப்பாற்றாது. அவருக்கு நிரூபிக்கும் பாரம் கூடுகிறது, அவ்வளவுதான்.

நீங்களோ இங்கேயே எழுதிவிட்டீர்கள்: ரெண்டு பர்சென்ட், சரி, ஆளைக் கொண்டு வாங்க. இதையே கோர்ட்டிலும் சொல்வீர்கள் என்றால் ஒப்பந்தம் இருந்தது என்பதில் சண்டையே இல்லை. மிச்சமிருப்பது உங்கள் இரண்டாவது கேள்வி, அதுதான் கனமானது.

நிலா_வாடகை
ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவில் புரோக்கர் பதிவு பண்ணியிருக்காரான்னு முதல்ல பாருங்க அக்கா. பதிவு இல்லாத ஏஜென்ட் கமிஷனே வாங்கக் கூடாதுன்னு படிச்சேன். என் வாடகை வீட்டுக்கு ஒரு மாச வாடகை வாங்கிட்டுப் போனாரே ஒருத்தர், அதையும் திரும்பக் கேக்கலாமா?

ஓய்வுபெற்ற_வழக்கறிஞர்
நிலா, 2016 ரெரா சட்டத்தின் 9ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தில் பதிவான திட்டங்களில் உள்ள மனை, குடியிருப்பு விற்பனைக்கு இடையில் நிற்கும் ஏஜென்ட்டைப் பற்றியது. ஒரு தனி ஆள் தன் பழைய வீட்டை விற்பது அதற்குள் வராது. வாடகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கயல் புதிய அடுக்குமாடித் திட்டத்தில் ஒரு வீட்டை விற்றிருந்தால் உங்கள் கேள்வி முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

சாரல்_கலிஃபோர்னியா
நாட்டுக்கு நாடு இது தலைகீழாக மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் பாலு சொன்னதுதான் சட்டம். சிவில் கோடு 1624ஆம் பிரிவு, வீட்டு ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தரும் ஒப்பந்தம் எழுத்தில், தரவேண்டியவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. அதே அமெரிக்காவில் நியூயார்க் போனால், உரிமம் பெற்ற தரகருக்கு அந்த எழுத்து விதியிலிருந்து விலக்கு. அங்கே வாய்ப்பேச்சே போதும். உறவினர் ஒருவர் வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு அறிவுரை சொன்னால் எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பாலு_கணக்கு
சரி, எழுத்து வேண்டாம்னே வெச்சுக்குவோம். ஆனா எப்போ தரணும்னே பேசலையே. அது முழுமையான ஒப்பந்தமா? விலை பேசாம வித்த மாதிரி இல்லையா?

ஓய்வுபெற்ற_வழக்கறிஞர்
நல்ல கேள்வி. இதே கேள்விதான் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் முடிந்தது. கயலின் கதைக்கு மிக நெருக்கமானது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

லண்டனில் ஒருவர் பதினாலு ஃப்ளாட் கட்டினார், ஏழு விற்காமல் கிடந்தது. 2008 ஜனவரியில் ஒரு ஏஜென்ட்டோடு போனில் பேசினார். ஏஜென்ட் தன் கட்டணம் இரண்டு சதவீதமும் வாட் வரியும் என்று சொன்னார். எந்தக் கட்டத்தில் அது தரவேண்டியதாகும் என்று இருவரும் பேசவேயில்லை. சில நாளிலேயே ஏஜென்ட் ஒரு வீட்டுவசதி அறக்கட்டளையைப் பிடித்துக் கொடுத்தார். ஏழும் சேர்த்து 21 லட்சம் பவுண்டுக்குப் போனது. உடைமையாளர் கமிஷன் தர மறுத்தார். ஏஜென்ட் தானே வாங்க வந்த ஆள் என்று நினைத்தேன் என்றுகூட வாதிட்டார். விசாரணை நீதிபதி அதை நம்பவில்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாக பாலு சொன்ன பக்கம் நின்றது: எந்த நிகழ்வு நடந்தால் பணம் என்பதே பேசப்படாதபோது ஒப்பந்தம் அரைகுறை, அதைக் கோர்ட் நிரப்பித் தராது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வீடு விற்க ஆள் தேடச் சொல்லி, விலையில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்ளும் இருவரும் என்ன நினைத்திருப்பார்கள்? அந்த ஏஜென்ட் அறிமுகம் செய்த ஆளுக்கு விற்பனை நிறைவேறும்போது, வந்த பணத்திலிருந்து கமிஷன் என்றுதான் எந்த நியாயமான ஆளும் புரிந்துகொள்வான். அந்தச் சொற்களுக்குள்ளேயே அது இருக்கிறது என்றார்கள்.

அது பிரிட்டன் தீர்ப்பு, இந்திய நீதிமன்றத்தைக் கட்டாது. ஆனால் நம் ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆம் பிரிவும் ஏறக்குறைய அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது: தனி ஏற்பாடு இல்லாவிட்டால், ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பிறகே முகவருக்குக் கூலி தரவேண்டியதாகும்.

சாரல்_கலிஃபோர்னியா
அந்த லண்டன் வழக்கில் இன்னொரு வால் உண்டே சார், ஏஜென்ட்டுக்கு முழுத் தொகை கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற_வழக்கறிஞர்
ஆமாம், எழுத்து பற்றிய பகுதி அதில்தான் இருக்கிறது. அங்கே 1979ஆம் ஆண்டு எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, எந்தச் சூழ்நிலையில் கட்டணம் தரவேண்டியதாகும் என்று ஏஜென்ட் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இவர் ஆள் கிடைத்த பிறகுதான் காகிதம் அனுப்பினார். அதனால் உரிமை போய்விடவில்லை, ஆனால் கோர்ட்டின் அனுமதியோடுதான் வசூலிக்க முடியும் என்ற நிலை. நீதிபதி அனுமதி கொடுத்துவிட்டு, தவறுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டார். உச்ச நீதிமன்றமும் அந்தக் கழிவைத் தொடவில்லை. எழுத்து இல்லாததன் விலை சில இடங்களில் இப்படிப் பின்னமாக வரும்.

சுந்தர்77
என் கதைக்கும் பதில் சொல்லுங்க சார். போன வருஷம் என் மனைக்கு ஒரு பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டார். அன்னைக்கே புரோக்கர் பாதிக் கமிஷன் கேட்டார், கொடுத்துட்டேன். பார்ட்டிக்கு லோன் கிடைக்கலை, பின்வாங்கிட்டார். புரோக்கர் "என் வேலை ஆள் கொண்டு வர்றது, கொண்டு வந்துட்டேன்"னு பணத்தைத் திருப்பித் தரலை. இதுவும் 219ல வருமா?

மணி_ப்ராப்பர்ட்டி
அக்ரிமென்ட் அன்னைக்குப் பாதி, பத்திரத்தன்னைக்குப் பாதி. எங்க லைன்ல எல்லாரும் அப்படித்தான் வாங்கறோம். பேங்க் லோன் கொடுக்கலைன்னா அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு? பத்து தடவை கூட்டிட்டு அலைஞ்சிருப்பார், பெட்ரோல் காசு யார் தருவா?

ஓய்வுபெற்ற_வழக்கறிஞர்
மணி, அலைந்ததற்குத் தரகுச் சட்டத்தில் கூலி இல்லை, பலனுக்குத்தான் கூலி. கொடுமையாகத் தோன்றலாம், ஆனால் அதனால்தான் சதவீதம் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. நாலு பேரிடம் அலைந்து வீணாவதை ஐந்தாவது ஆள் ஈடுகட்டுகிறார்.

சுந்தர், உங்களிடம் அவர் பணம் கேட்டபோது என்ன சொல்லிக் கேட்டார் என்பதுதான் முக்கியம். "அக்ரிமென்ட் போட்டால் பாதி என் உரிமை" என்று முன்பே பேசி நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால், அது 219 சொல்லும் தனி ஏற்பாடு. பணம் போனது போனதுதான். முன்பு பேச்சே இல்லாமல் அன்றைக்குக் கேட்டு வாங்கியது என்றால், நடக்கப்போகும் விற்பனைக்கான முன்பணம் என்று நீங்கள் வாதிடலாம். "எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான்" என்பதை அவர் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும்.

ஒரே ஒரு சொல் எவ்வளவு மாற்றும் என்பதற்கு இரண்டு பழைய வழக்குகள். 1941இல் இங்கிலாந்தில் திரையரங்குகளை விற்க ஒரு தரகர் ஆள் கொண்டுவந்தார். விற்பனை நிறைவேறினால் பத்தாயிரம் பவுண்டு என்று பேச்சு. வாங்குபவர் தயார், ஆனால் உடைமையாளர்கள் காரணமில்லாமல் பின்வாங்கினார்கள். அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தரகருக்கு ஒன்றும் இல்லை என்றது. நிறைவேறினால் என்று பேசிவிட்டு, நிறைவேற்றியே ஆகவேண்டும் என்ற கடமையை உடைமையாளர் தலையில் ஏற்ற முடியாதாம்.

1950இல் நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது கல்கத்தா வீடு. உடைமையாளர் தரகருக்குக் கடிதமே கொடுத்திருந்தார்: ஒரு லட்சத்துக்கு ஆள் பிடித்துத் தந்தால் ஆயிரம் ரூபாய், விலை ஒரு லட்சத்து ஐயாயிரத்தைத் தாண்டி ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வரை போனால் தாண்டியது முழுதும் கூடுதலாகத் தரகருக்கு. தரகர் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தரத் தயாரான ஆட்களைக் கொண்டுவந்தார். உடைமையாளர் அவருடைய அதிகாரத்தை ரத்து செய்துவிட்டு, அதே ஆட்கள் தங்களுக்காக நிறுத்திய வேறொருவர் பெயருக்கு ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கு விற்றார். கணக்கைப் பாருங்கள், தரகருக்கு ஆயிரத்துக்கு மேல் ஒன்றும் வராத விலை அது. நீதிமன்றம் ஏமாறவில்லை. கடிதத்தில் இருந்தது "ஆள் பிடித்துத் தந்தால்" என்பது, தயாரான ஆளை அவர் பிடித்துத் தந்துவிட்டார், ஆயிரமும் ஐயாயிரமும் சேர்த்து ஆறாயிரம் அவருக்குரியது என்றது.

மணி_ப்ராப்பர்ட்டி
பாத்தீங்களா, நான் சொன்னதுதான்! மேடம் "ஆளைக் கொண்டு வாங்க"ன்னுதான் சொல்லியிருக்காங்க. கொண்டு வந்தாச்சு. பொண்டாட்டி பேர்ல போட்டாலும் தப்பிக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

ஓய்வுபெற்ற_வழக்கறிஞர்
பெயர் மாற்றத்தைப் பொறுத்தவரை சரி. பத்திரம் அந்த அம்மா பெயரில் இருப்பது கயலுக்கு உதவாது, பேசியது அந்தக் குடும்பத்தோடுதான். ஆனால் கல்கத்தா தரகர் கொண்டுவந்த ஆள், உடைமையாளர் கேட்ட விலைக்கு அன்றைக்கே தயாராக இருந்தார். கயலிடம் வந்தவர்கள் கேட்ட விலைக்குத் தயாராக இல்லை, திரும்பிப் போனார்கள். ஆளைக் காட்டுவதும் தயாரான ஆளைப் பிடித்துத் தருவதும் ஒன்றல்ல.

கயல்_ம
அப்படியென்றால் தர வேண்டியதில்லையா? இல்லை, விற்பனை கடைசியில் நடந்துவிட்டதால் தரவேண்டுமா? இரண்டு பக்கமும் இழுக்கிறது.

ஓய்வுபெற்ற_வழக்கறிஞர்
வீட்டை முதலில் காட்டியது யார் என்று மட்டும் கோர்ட் பார்க்காது. அந்த விற்பனை எவருடைய முயற்சியின் பலன் என்று பார்க்கும். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2008இல் ஒரு வழக்கு. ஏஜென்ட் ஒரு தம்பதிக்கு வீட்டைக் காட்டினார், அவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது. பிறகு வேறொரு ஏஜென்ட் அதே தம்பதியை அதே வீட்டுக்கு அழைத்து வந்தார், வாங்கினார்கள். முதல் ஏஜென்ட்டிடம் எழுத்து ஒப்பந்தமே இருந்தது, "எங்களால் அறிமுகமானவர்" என்ற சொல்லோடு. அப்படியும் தோற்றார். அறிமுகம் என்றால் வீட்டை அறிமுகப்படுத்துவது அல்ல, அந்த வாங்குதலுக்கு அறிமுகப்படுத்துவது என்றார்கள்.

உங்கள் பக்கம் பேசும் விஷயங்கள்: பேச்சு முறிந்தது, நாலு மாசம் அவர் தலைகாட்டவில்லை, மறுபடி கொண்டுவந்தது வேறொருவர். அவர் பக்கம் பேசுபவை: வீடு அவர்களுக்குத் தெரிந்ததே அவரால்தான், முறிந்தது விலையில் மட்டும், கடைசியில் நீங்களே இறங்கினீர்கள். அன்றைக்கே இறங்கியிருந்தால் அவர் வழியாகத்தான் முடிந்திருக்கும். இதில் எது எடை கூடும் என்பது நான் இங்கிருந்து சொல்லக்கூடியதல்ல. ஒன்று கேட்கிறேன், நேர்மையாகச் சொல்லுங்கள்: உங்கள் கணவரின் நண்பருக்கு அந்தக் குடும்பத்தை எப்படித் தெரியும்?

கயல்_ம
அவர் அந்த வீட்டு அண்ணனோடு முன்பு வேலை பார்த்தவர். எங்கள் வீடு இன்னும் விற்கவில்லை என்று தற்செயலாகப் பேச்சு வந்து, "அவங்க இன்னும் தேடிட்டுத்தான் இருக்காங்க, நான் பேசிப் பார்க்கறேன்" என்றார். நாங்களாக அவர்களைக் கூப்பிடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பேரைக் கேட்டதும் என் கணவர், "அந்தப் புரோக்கர் காட்டினவங்கதானே, அவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும்" என்று நண்பருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்.

பாலு_கணக்கு
ஐயோ. அதை அழிச்சிடுங்க.

ஓய்வுபெற்ற_வழக்கறிஞர்
அழிக்காதீர்கள். மறுமுனையில் இருக்கும் பிரதி அழியாது, நீங்கள் அழித்தது தெரிந்தால் மற்ற சொற்களின் மதிப்பும் போகும். மின்னணுச் செய்தியைச் சாட்சியாகக் கொடுக்கச் சான்றிதழ் முதலிய நடைமுறைகள் உண்டு, அந்தத் தொல்லை அவருக்கு. அந்த வாக்கியத்தைக் கடனை ஒப்புக்கொண்டதாகவும் படிக்கலாம், நியாயமாக ஏதாவது கொடுப்போம் என்ற நல்லெண்ணமாகவும் படிக்கலாம். "ஏதாவது" என்ற சொல் உங்களுக்கு உதவுகிறது.

மணி_ப்ராப்பர்ட்டி
உங்க வீட்டுக்காரர் மனசுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க. நானா இருந்தா பாதியாவது கேப்பேன். இதுக்காகத்தான் நான் இப்பல்லாம் இடம் காட்டும்போதே ஒரு சீட்டு எழுதி ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கறேன். பார்ட்டி பேரு, காட்டின தேதி, ஆறு மாசத்துக்குள்ள இவங்களோ இவங்க குடும்பமோ வாங்கினா கமிஷன்னு. பாதிப் பேர் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க, அவங்க வீட்டைக் காட்டறதை விட்டுட்டேன்.

சாரல்_கலிஃபோர்னியா
அந்தச் சீட்டு விற்பவருக்கும் நல்லதுதான் மணி அண்ணா. ஆறு மாசம் கடந்தால் அவர் சுதந்திரம். கயல் அக்காவுக்கு அந்தச் சீட்டு இருந்திருந்தால் நாலு மாசம் என்பதால் விவாதமே இல்லாமல் கொடுத்திருப்பார். மூன்று மாசம் என்று எழுதியிருந்தால் விவாதமே இல்லாமல் மறுத்திருப்பார்.

கயல்_ம
இன்று அவரே போன் செய்தார். முழுத் தொகையும் வேண்டும் என்றே நிற்கிறார். பாதி தருகிறேன் என்று சொல்லலாம் என்று கணவர் நினைக்கிறார். சொன்னால் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமா?

ஓய்வுபெற்ற_வழக்கறிஞர்
போனில் சொல்லாதீர்கள். ஒரு கடிதமாக எழுதுங்கள்: கமிஷன் பாக்கி இருப்பதாக நாங்கள் ஏற்கவில்லை, தகராறைத் தீர்த்துக்கொள்வதற்காக மட்டும் இந்தத் தொகை, எங்கள் உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று. அவர் ஏற்றால் "முழுவதும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொண்டு, வங்கி வழியாகக் கொடுங்கள். ஏற்காவிட்டால் அவர் வழக்குப் போடட்டும். பணம் தரவேண்டியதான நாளிலிருந்து மூன்று வருஷம் அவருக்கு அவகாசம், அதுவரை அந்த வாட்ஸ்அப்பையும், அவரோடு பேசிய போன் பட்டியலையும், நண்பர் எப்போது பேசினார் என்பதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

சுந்தர்77
எனக்கும் அந்த மூணு வருஷம் கணக்குதானா சார்? அப்படின்னா இன்னும் நேரம் இருக்கு. புரோக்கர் கொடுத்த ரசீதைத் தேடிப் பாத்தேன், "தரகு முன்பணம்"னு எழுதியிருக்கார்.

ஓய்வுபெற்ற_வழக்கறிஞர்
முன்பணம் என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறாரா? அந்த ரசீதைப் பிரதி எடுத்துவிட்டு, விற்பனை முறிந்ததைக் குறிப்பிட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். மூன்று வருஷத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதிலேயே சண்டை வரும். பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு அதற்குள் முடிப்பதே பாதுகாப்பு.